வகுப்பு நோட்டிலிருந்து மீன்முள் வரைபடம்: ஒரு ஷூ யூனிட்டில் சோல் பிரிந்த கதை

தர மேலாண்மை வகுப்பு ஒரு மணி நேரம் நடந்தால் நோட்டில் ஏழெட்டுப் பக்கம் நிரம்பிவிடும். தரத்தின் இலக்கணம், தரச் செலவின் வகைகள், ஏழு கருவிகள், ஐந்து ‘ஏன்’, மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று தொடங்கும் ஆறு ‘எம்’. கடைசியில் ஆசிரியர், “ஏதாவது ஒரு தொழிற்சாலையை எடுத்து மீன்முள் வரைபடம் போட்டு வாருங்கள்” என்பார். பிரச்சினையைத் தலையாகவும் அதன் காரணங்களை முட்களாகவும் வைத்து மீன் எலும்புபோல் வரையும் படம் அது. வருகிற வரைபடங்களில் பெரும்பாலானவற்றில் மேன் என்ற முள்ளில் ‘கவனக்குறைவு’, மெஷினில் ‘பராமரிப்பு இல்லை’, மெட்டீரியலில் ‘தரமற்ற பொருள்’ என்று எழுதியிருக்கும். தலையில் உள்ள பிரச்சினையை அழித்துவிட்டு பிஸ்கட் உடைகிறது என்று எழுதினாலும் அந்தப் படம் அப்படியே பொருந்தும். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

வகுப்புக் குறிப்பை ஒரு தொழிற்கூடத்தில் வேலைசெய்கிற படமாக எப்படி மாற்றுவது என்பதை ஒரே ஒரு மாதிரிக் கேஸை முழுசாக எடுத்துப் பார்ப்போம். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஷூ யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷூவின் மேற்பகுதியான அப்பர் வெளியில் தைத்து வருகிறது. இங்கே அப்பரை லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் இழுத்து மாட்டும் லாஸ்டிங், ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங், பசை பூசிக் காயவைத்து ஹீட்டரில் இளக்குதல், பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டுதல், பேக்கிங் மட்டும். தோல் அப்பர், டிபிஆர் என்ற ரப்பர் வகை சோல், இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து போடும் பாலியூரித்தேன் பசை. நாளைக்கு 300 ஜோடி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பேக்கிங்கில் சோல் பிரிகிறது என்று புகார்.

முதலில் நோட்டைப் பிரியுங்கள்

எட்டுப் பக்கக் குறிப்பையும் படத்துக்குள் திணிக்கக் கூடாது. பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் போடுங்கள். பிரச்சினையை எப்படி வரையறுப்பது என்று சொல்லும் வரிகள் தலைக்குப் போகும். எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் வரிகள் முள்ளுக்குப் போகும். எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லும் வரிகள், அதாவது செக் ஷீட், குறைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தும் பரேட்டோ, ஐந்து ‘ஏன்’ எல்லாம் படத்துக்கு வெளியே, அதைச் சுற்றி நடக்கும் வேலை. மிச்சம் இருக்கும் இலக்கணங்களும் வரலாறும் தேர்வுக்கு உதவும், படத்துக்கு வேண்டாம்.

வரலாற்றில் ஒரு செய்தி மட்டும் இங்கே பயன்படும். இந்தப் படத்தை உருவாக்கிய கவோரு இஷிகாவா மூன்று விதமாக இதை வரையலாம் என்று காட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்றில் முட்கள் உற்பத்திப் படிகளின் வரிசையில் போகும். நம்மூர் வகுப்புகளில் பெரும்பாலும் ஆறு ‘எம்’ மட்டும்தான் வருகிறது. சின்ன யூனிட்டுக்கு எனக்குப் பிடித்தது படி வரிசை. தரையில் வேலை செய்கிறவர் “மெத்தட்” என்று யோசிப்பதில்லை. ரஃபிங், பசை, ஹீட்டர், பிரஸ் என்றுதான் யோசிக்கிறார். அதனால் படிகளை முட்களாக வைப்போம். ஆறு ‘எம்’மை ஒவ்வொரு முள்ளிலும் கேட்கும் கேள்வியாக வைத்துக்கொள்வோம்.

தலையை எழுதும் முன் ஒரு வாரம் எண்ணுங்கள்

“சோல் பிரிகிறது” என்பது தலை ஆகாது. எந்த ஷூ, எங்கே பிரிகிறது, எத்தனை, எப்போது செய்தது என்று தெரிந்த பிறகுதான் தலை எழுத முடியும்.

இதில் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிந்த ஜோடி பேக்கிங்கில் பிடிபடுகிற நேரம் வேறு, அது பிரஸ்ஸில் ஒட்டப்பட்ட நேரம் வேறு. நடுவில் கூலிங், லாஸ்ட் கழற்றுதல், ஃபினிஷிங் எல்லாம் இருக்கிறது. பேக்கிங்கில் மணி பார்த்து எழுதினால் கணக்கு முழுக்கத் தப்பாகும். எனவே பிரஸ்ஸில் இருப்பவரிடம் ஒரு பேனா கொடுத்து, ஒவ்வொரு ஜோடியின் டிக்கெட்டிலும் பிரஸ் ஆன மணியையும் சோலுக்குப் பசை போட்டவர் பெயரின் முதல் எழுத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். செக் ஷீட் என்று வகுப்பில் சொன்னது இதுதான்.

நம் யூனிட்டில் ஒரு வாரத்தில் 1,800 ஜோடி போனது. கையால் இழுத்துப் பார்த்ததில் 54 ஜோடி பிரிந்தது. அதில் 41 ஜோடி முன் முனையில். இதைப் பார்த்ததும் முனையில்தான் ஏதோ கோளாறு என்று ஓட வேண்டாம். முனையில் சோல் மேல்நோக்கி வளைந்திருக்கும், அது நிமிரப் பார்க்கும். ஒட்டு எங்கும் சமமாகப் பலவீனமாக இருந்தாலும் முதலில் வாய் பிளப்பது முனைதான்.

நேரக் கணக்குதான் பேசுகிறது. காலை 9 முதல் 10 மணிக்குள் பிரஸ் ஆனதில் 17. சாப்பாடு முடிந்து 1.30 முதல் 2.30-க்குள் 19. மீதி ஆறு மணி நேரம் எல்லாம் சேர்த்து 18. அந்த இரண்டு மணி நேரத்தில் 100 ஜோடிக்கு எட்டு பிரிகிறது, மற்ற நேரத்தில் ஒன்று சொச்சம்.

பிரிந்த ஷூவை உரித்துப் பாருங்கள்

இந்த வேலையை வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இது தொழிலுக்குத் தொழில் மாறும். சோல் ஒட்டில் இது இல்லாமல் படம் போடவே கூடாது. பிரிந்த ஷூவில் சோலை முழுவதும் உரித்து, பசை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

பசை மொத்தமும் சோலோடு போய், தோல் சுத்தமாக இருந்தால் குற்றம் தோல் பக்கம்: ரஃபிங் போதவில்லை, தூசி துடைக்கவில்லை, அல்லது தோலில் எண்ணெய் அதிகம். பசை தோலில் நின்று சோல் சுத்தமாக இருந்தால் குற்றம் சோல் பக்கம். டிபிஆருக்குப் பசைக்கு முன் பூசும் பிரைமர் சரியாகப் போகவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் பசைப் படலம் வழவழவென்று தனித்தனியாக நின்றால், பசை தோலையும் பிடித்தது, சோலையும் பிடித்தது, ஆனால் பசையும் பசையும் ஒன்றோடொன்று உருகிச் சேரவில்லை. தோல் நாரே பிய்ந்து சோலோடு வந்தால் ஒட்டில் குறையில்லை, தோல்தான் தாங்கவில்லை.

நம் 54-இல் 20 ஜோடியை உரித்ததில் 15 ஜோடியில் இரண்டு பக்கமும் படலம் தனியாக நின்றது. மூன்றில் தோல் சுத்தமாக இருந்தது. இரண்டில் நார் பிய்ந்தது. ஆக ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு நோய்கள் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் ஒரே மீனில் போட்டால் முட்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தலை இப்படி இருக்கும்:

“டிபிஆர் சோல் ஷூவில் இரண்டு பசைப் படலமும் ஒன்றுசேராமல் சோல் பிரிகிறது. காலை முதல் மணி நேரத்திலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி நேரத்திலும் அதிகம்.”

காரணத்தின் வாடைகூடத் தலையில் இருக்கக் கூடாது. “ஹீட்டர் கோளாறால் சோல் பிரிகிறது” என்று எழுதிவிட்டால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வரைவது

ஒரு சார்ட் தாளை அகல வாக்கில் வையுங்கள். வலது ஓரத்தில் கட்டம் போட்டுத் தலை. அதிலிருந்து இடப்பக்கம் முதுகெலும்புக் கோடு. இடமிருந்து வலமாக, வேலை நடக்கும் வரிசையில் முட்கள்: ரஃபிங், சோல் பிரைமர், பசை கலத்தல், பசை பூசிக் காயவைத்தல், ஹீட்டர், பிரஸ், கூலிங். ‘ஷெட்’ என்று எட்டாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழை, ஈரம், கரன்ட் எல்லாம் அதில் போகும்.

படலம் சேராத பிரச்சினை என்று தலையிலேயே சொல்லிவிட்டதால் ரஃபிங்கும் பிரைமரும் கிட்டத்தட்ட வெறுமையாகவே நிற்கும். நிற்கட்டும். எல்லா முள்ளையும் சமமாக நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு முள்ளில் ஆறு கிளையும் இன்னொன்றில் சும்மாவும் இருக்கிற படம்தான் யோசித்துப் போட்ட படம்.

முள்ளில் என்ன எழுதுவது? இங்கே ஒரே விதி: போய்ப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். ‘கவனக்குறைவு’ என்பதை எந்தக் கருவி வைத்து அளப்பீர்கள்? அதே சந்தேகத்தை “புதிதாக வந்தவர் பசை பூசும் சோல்களில் பிரிவது அதிகம்” என்று எழுதுங்கள். டிக்கெட்டில் எழுத்து இருக்கிறது, எண்ணிவிடலாம்.

ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து “காரணம் சொல்லுங்கள்” என்றால் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் மழை என்பார்கள். அதைவிட மெஷின் பக்கத்தில் நின்று வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

“பாய், சாப்பாடு முடிஞ்சு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?”

“ஹீட்டர் சுவிட்ச் போடுவேன். காலைல பசை போட்டு வெச்ச சோல் ரேக்குல இருக்கும், அதை எடுத்து ஓட்ட ஆரம்பிப்போம்.”

இந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டு முள் கிடைத்துவிட்டது. ஹீட்டர் முள்ளில்: “இடைவேளைக்குப் பின் முதல் ஜோடிகள் போகும்போது ஹீட்டர் சூடேறவில்லை.” காயவைத்தல் முள்ளில்: “பசை பூசி வெகுநேரம் கிடந்த சோல்கள் ஓடுகின்றன.” இரண்டாவதற்கு வலுவான காரணம் உண்டு. ஹார்ட்னர் கலந்த பசை நேரம் ஆக ஆக உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும். ரொம்ப நேரம் கிடந்தால் ஹீட்டரில் வைத்தாலும் முழுசாக இளகாது.

மற்ற சந்தேகங்களையும் எழுதிக்கொள்வோம். பசை கலத்தலில்: கலந்த டப்பாவை அதன் காலக்கெடு தாண்டியும் பயன்படுத்துகிறார்கள். பிரஸ்ஸில்: ஹீட்டரிலிருந்து எடுத்த சோல் பிரஸ்ஸுக்குப் போகுமுன் ஆறிவிடுகிறது, அல்லது அழுத்தம் குறைகிறது. ஷெட்டில்: மழை நாளில் பசை மேல் ஈரம் படிகிறது. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அதன் மேல் பனி மாதிரி படியும் என்பது உண்மைதான். அதனால் மழைச் சந்தேகத்தைக் கிண்டல் செய்து தள்ளிவிடக் கூடாது, மற்றதைப் போலவே சோதிக்க வேண்டும்.

சந்தேகங்களை அடிப்பது

படம் முடிந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது சந்தேகப் பட்டியல் மட்டும்தான். இனி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இது காரணமாக இருந்தால் காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் மட்டும் ஏன் அதிகம்?

கலந்த பசை பழசாவது காரணமென்றால், டப்பா தீரும் தறுவாயில், மதியம் 12 மணிக்கு மேல்தான் அதிகம் பிரிய வேண்டும். அந்த நேரம் நல்ல நேரமாக இருக்கிறது. அடித்துவிடலாம். புதியவர் காரணமா? இருவரும் பாதிப் பாதி சோல் பூசுகிறார்கள். ஒருவருக்கு 28, மற்றவருக்கு 26. அடித்துவிடலாம், அவர் மேல் இருந்த பழியும் போகும். ஹீட்டரிலிருந்து பிரஸ்ஸுக்கு ஆகும் நேரத்தை வாட்ச் வைத்துப் பார்த்தால் எந்த மணியிலும் 15 முதல் 20 விநாடிதான். அழுத்தமானி நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டும் போயிற்று.

மழை? வாரத்தில் மூன்று நாள் மழை, மூன்று நாள் வெயில். மழை நாட்களில் 29, மற்ற நாட்களில் 25. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு வாரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடிக்காமல் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

ஹீட்டருக்கு வருவோம். மெஷின் டிஸ்ப்ளேயில் 70 என்று காட்டும். அது செட் செய்த அளவாகவோ உள்ளே இருக்கும் காற்றின் சூடாகவோ இருக்கலாம். நமக்கு வேண்டியது பசைப் படலத்தின் மேல் உள்ள சூடு. வெளியே எடுத்த கையோடு இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் சோலைப் பாருங்கள். கறுப்பு சோலில் அது நம்பத்தகுந்த அளவு காட்டும். பளபளப்பான உலோகத்தில் தப்புக் காட்டும் என்பதால் மெஷின் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். எவ்வளவு சூடு வேண்டும் என்பது பசைக் கம்பெனி கொடுக்கும் தாளில் இருக்கும். நம் கேஸில் 65 முதல் 75 டிகிரி. அளந்ததில் முற்பகல் 11 மணிக்கு 68 முதல் 70. சாப்பாட்டுக்குப் பின் முதல் பத்து நிமிடம் 47 முதல் 50. 25 நிமிடம் போன பிறகுதான் 66. காலையிலும் அதே கதை.

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே இரண்டு மணி நேரத்தில்தான் வெகுநேரம் கிடந்த சோலும் ஓடுகிறது: காலையில் முந்தின சாயங்காலம் பசை பூசியது, மதியம் சாப்பாட்டுக்கு முன் பூசியது. இரண்டு சந்தேகமும் ஒரே நேரத்தில் சேர்ந்தே வருவதால் கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும்.

இருபது ஜோடிச் சோதனை

ஒரே லாட் அப்பர், ஒரே லாட் சோல், பசை பூசுவதும் ஒரே ஆள். ஐந்து ஐந்து ஜோடியாக நான்கு கூட்டம். முதல் கூட்டத்தில் புதிதாகக் காய்ந்த பசை, 70 டிகிரி. இரண்டாவதில் புதிய பசை, 48 டிகிரி. மூன்றாவதில் சாப்பாட்டு இடைவேளை அளவு கிடந்த பசை, 70 டிகிரி. நான்காவதில் ராத்திரி முழுக்கக் கிடந்த பசை, 70 டிகிரி. ஜோடியில் எண் போட்டு, 24 மணி நேரம் வைத்துவிட்டு, எது எந்தக் கூட்டம் என்று தெரியாத ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். ஹார்ட்னர் கலந்த ஒட்டு வலுப்பெற நேரம் பிடிக்கும். பிரஸ் ஆன சூட்டில் இழுத்தால் நல்ல ஒட்டும் பிரியும், கெட்டதும் பிரியும்.

முதல் கூட்டத்தில் ஒன்றும் பிரியவில்லை. 48 டிகிரியில் ஐந்தில் நான்கு பிரிந்தது, இரண்டு பக்கமும் அதே வழவழப்பு. இடைவேளை அளவு கிடந்ததில் ஒன்றும் பிரியவில்லை. ராத்திரி கிடந்ததில் இரண்டு பிரிந்தது. ஆக மதியத்துக்கு ஒரே காரணம் சூடு. காலைக்குச் சூட்டோடு பழைய பசையும் சேர்ந்துகொள்கிறது. படத்தில் இந்த இரண்டு முள்ளையும் சிவப்பில் வட்டமிடுங்கள். ஐந்து ஜோடி சின்ன எண்ணிக்கை. நான்குக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். இரண்டு என்பதை நம்ப இன்னொரு தடவை செய்து பார்ப்பது நல்லது.

இழுத்துப் பார்ப்பது கையின் பலத்தைப் பொறுத்தது. வாங்குபவர் எண் கேட்டால் உரிப்பு வலுவை மெஷினில்தான் அளக்க வேண்டும். பாதுகாப்பு ஷூவுக்கான ஐஎஸ்ஓ 20345, சோல் ஒட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தது 4 நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. உள்ளே விசாரிக்கக் கை போதும்.

இங்கேதான் ஐந்து ‘ஏன்’

வட்டமிட்ட முள்ளில் மட்டும் ‘ஏன்’ கேளுங்கள். எல்லா முள்ளிலும் கேட்டால் நாள் போதாது. படலம் ஏன் சேரவில்லை? சூடு போதவில்லை. ஏன்? சுவிட்ச் போட்டதுமே ஓட்டுகிறார்கள். இடைவேளையில் ஹீட்டரை ஏன் அணைக்கிறார்கள்? பசையின் கரைப்பான் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, ஆள் இல்லாத ஷெட்டில் ஹீட்டர் எரியக் கூடாது. இது நல்ல காரணம், இதில் கைவைக்கக் கூடாது. “இடைவேளையிலும் ஹீட்டரை அணைக்காதே” என்று உத்தரவு போட்டால் பிரிந்த சோலைவிடப் பெரிய வினையாக முடியலாம். சரி, சூடேறும்வரை ஏன் காத்திருக்கவில்லை? மணி அடித்த நிமிடத்திலிருந்து பிரஸ் கணக்கு ஓடுகிறது, மணிக்கு இத்தனை ஜோடி என்று சூப்பர்வைசர் எழுதுகிறார்.

இங்கே நிறுத்தலாம். மாற்றக்கூடிய ஒருவரின் கைக்கு விஷயம் வந்துவிட்டது. மூன்றாவது ‘ஏன்’னிலோ நான்காவதிலோ வந்தாலும் நிறுத்துங்கள், ஐந்து என்பது கணக்குக்குச் சொன்னது. கடைசி ‘ஏன்’னுக்கு ஓர் ஆளின் பெயர் விடையாக வந்தால் மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள்.

மாற்றம் எளிது. மணி அடித்ததும் ஹீட்டரைப் போட்டுவிட்டு முதல் 25 நிமிடம் எல்லோரும் ரஃபிங்கும் பசை பூசுவதும் செய்கிறார்கள். ஒரு சோலை வைத்து அளந்து 65 காட்டிய பிறகுதான் பிரஸ் தொடங்கும், ஜோடிக் கணக்கும் அப்போதிலிருந்து. சாயங்காலம் பசை பூசிவைக்கும் பழக்கம் நிற்கிறது. காலையில் பூசியது காய்வதற்கும் ஹீட்டர் சூடேறுவதற்கும் ஒரே நேரம் சரியாக இருக்கிறது.

அடுத்த வாரமும் டிக்கெட்டில் மணி எழுதுவதை நிறுத்தாதீர்கள். நம் யூனிட்டில் 1,800-க்கு 23 பிரிந்தது. பிரஸ் தொடங்கிய முதல் மணி நேரத்தில் காலையில் 4, மதியம் 3. மீதி நேரத்தில் 16. முன்பு 18 இருந்த இடத்தில் 16 என்றால் அந்தப் பகுதியில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம், மாறவும் கூடாது, நாம் அதைத் தொடவே இல்லை. மொத்தம் 54-லிருந்து 23 ஆனதைவிட, எந்த இடத்தில் குறைந்தது, எந்த இடத்தில் அப்படியே நின்றது என்பதுதான் காரணத்தை உறுதிசெய்கிறது. எல்லா மணியிலும் ஒரேயடியாகக் குறைந்திருந்தால் நாம் செய்த மாற்றம் காரணமா, கண்காணிக்கிறார்கள் என்று எல்லோரும் நிதானமாக வேலை செய்தது காரணமா என்று சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

அசைன்மென்டாகக் கொடுப்பதாக இருந்தால் அடித்த முட்களை அழித்துவிட்டுச் சுத்தப் பிரதி எடுக்காதீர்கள். ஒவ்வொரு அடிப்புக்கும் பக்கத்தில் எந்தக் கணக்கால் அடித்தீர்கள் என்பதும் தேதியும் இருக்கட்டும். மழை முள்ளில் போட்ட கேள்விக்குறியும் அப்படியே இருக்கட்டும். மீதி 16 ஜோடியை உரித்துப் பார்த்து, தோல் சுத்தமாக நிற்பவை அதிகமென்றால் புதிய சார்ட் தாளில் இன்னொரு தலை எழுதுங்கள். இந்தத் தடவை ரஃபிங் முள்தான் நிறையும்.